வீட்டுப் பேர் வீட்டோடு இருக்கட்டும்

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், வளர்ந்த மகனைப் பழைய செல்லப் பேரால் நாலு பேர் முன்னால் கூப்பிட வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை எழுத அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. கடைசியில் அனுப்பியது ஒரு வாட்ஸ்அப் திரைக்குள் அடங்கும் பத்து வரி. அந்தப் பத்து வரிக்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்த வேலைகளால்தான் ஒருவர் மனமும் கோணாமல் காரியம் முடிந்தது. வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கிற பலருக்கும் இந்த வேலை ஒரு நாள் வரும். அதனால் நடந்ததை, பேர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

பையனைச் சுந்தர் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவின் பேர் அது. நம் பக்கம் பல வீடுகளில் மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைப்பார்கள். ஆனால் மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது, கணவர் பேரைப் பாட்டியும் சொல்ல மாட்டார். எனவே பள்ளிப் பதிவேட்டுக்கு ஒரு பேரும், வீட்டில் கூப்பிட ஒரு பேரும் தேவைப்பட்டன. குட்டி, அம்மு, அப்பு, பாப்பா என்றெல்லாம் வீட்டுக்கு வீடு பேர்கள் இப்படித்தான் நிலைத்தன. சுந்தர் பிறக்கும்போது நாலு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. முதலில் கையில் வாங்கிய அத்தை, “என்னடி இது, உருண்டையா இருக்கான்!” என்றார். அன்றிலிருந்து அவன் உருண்டை.

இந்தப் பேர்களுக்கு இன்னொரு வேரும் உண்டு. முன்பு பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பை என்றோ பிச்சை என்றோ பேர் வைத்தார்கள். அழகாகக் கூப்பிட்டால் கண் படும், பொல்லாதது தூக்கிப் போய்விடும் என்ற பயம். கிராமங்களில் இன்னும் குப்பம்மாள், பிச்சைமுத்து என்ற பேர்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள். கேலியாகக் காதில் விழும் பேர், சொன்னவர்கள் மனதில் காவலாக இருந்திருக்கிறது. உறவினர்களுக்கு எழுத உட்காரும் பெற்றோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. அந்தப் பேரைச் சொல்கிற பெரியப்பா பையனை அவமானப்படுத்தவில்லை. தன் பிள்ளை என்கிற உரிமையில் கூப்பிடுகிறார். அவரிடம் ‘கேலி செய்யாதீர்கள்’ என்று சொன்னால் அவருக்குப் புரியவே புரியாது, வலிக்கத்தான் செய்யும்.

சித்திரையில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம். சுந்தர் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தான். கிரிக்கெட் டீமிலிருந்து மூன்று நண்பர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். அவர்களை உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு பந்தியில் நடந்தவனை, பெரியப்பா வாசற்படியிலிருந்து கூப்பிட்டார்: “டேய் உருண்டை! அடுத்த பந்திக்கு இலை போடுறா!” பந்தியில் இருந்த அறுபது பேரில் ஐம்பத்தேழு பேருக்கு அது காதில் விழாத மாதிரிதான், பழகிய பேர். மூன்று பேர் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் டீமின் வாட்ஸ்அப் குழுவில் அவனுக்கு அதுவே பேர். ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும் பையனுக்கு அந்தப் பேர் இருப்பதே அவர்களுக்குக் கூடுதல் வேடிக்கையாகிவிட்டது.

வீட்டில் உடனே யாருக்கும் தெரியவில்லை. இந்த வயதில் பிள்ளைகள் வந்து சொல்வதில்லை. தெரிந்துகொள்ள வேறு அடையாளங்கள் உண்டு. விசேஷத்துக்கு வர மாட்டேன் என்பார்கள், அல்லது வந்தாலும் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைப்பது நின்றுபோகும். அம்மா பள்ளி வாசலுக்கு வந்தால், “நீ தள்ளியே நில்லு” என்பார்கள். சுந்தர், வைகாசியில் வரவிருந்த சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வரவில்லை என்று சொன்னான். படிக்கணும் என்றான். பத்தாம் வகுப்பே இன்னும் தொடங்கவில்லை. அம்மா இரண்டு நாள் விட்டு, மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது கேட்டார். அப்போதுதான் வந்தது.

‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று நமக்குத் தோன்றலாம். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-ல் பதின்ம வயதைப் பற்றி எழுதிய கட்டுரையில், இந்த வயதுப் பிள்ளைகள் தங்களைச் சுற்றி எப்போதும் ஒரு கற்பனைப் பார்வையாளர் கூட்டம் இருப்பதுபோல் உணர்கிறார்கள் என்றார். எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள், தன் முகப்பருவையும் உடைந்த குரலையும் கவனிக்கிறார்கள் என்ற எண்ணம். பெரும்பாலும் அப்படி யாரும் பார்ப்பதில்லை. ஆனால் செல்லப் பேர் விஷயத்தில் அந்தக் கூட்டம் கற்பனை இல்லை. அடுத்த பத்து மாதம் தினமும் முகம் பார்க்க வேண்டிய மூன்று பேர் நிஜமாகவே பார்த்தார்கள். பிள்ளை மிகைப்படுத்துகிறான் என்று தள்ளிவிட இதில் இடமில்லை.

அப்பா அன்றிரவே ஃபோனை எடுத்து எழுதினார். அவர் எழுதியது இது:

“அனைவருக்கும் வணக்கம். இனிமேல் யாரும் சுந்தரை உருண்டை என்று கூப்பிட வேண்டாம். கிரகப்பிரவேசத்தில் அவன் நண்பர்கள் முன்னால் அப்படிக் கூப்பிட்டதால் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். மிகவும் மனவருத்தத்தில் இருக்கிறான், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. புரிந்து நடந்துகொள்ளவும்.”

நல்லவேளை, அனுப்புமுன் மனைவியிடம் காட்டினார். அவர் முதலில் சொன்னது, “அந்தப் பேரையே எழுதி வச்சிருக்கீங்களே” என்பது. குழுவில் நாற்பத்திரண்டு பேர். அதில் பத்துப் பதினைந்து பேர் சுந்தர் வயதுப் பிள்ளைகள், இளவட்டங்கள். எந்தப் பேர் மறைய வேண்டுமோ அதையே எழுத்தில் போட்டால் அது ஸ்கிரீன்ஷாட்டாகப் போகும், தேடினால் கிடைக்கும். எல்லோருக்கும் தெரிந்த பேர்தானே, எழுத அவசியமே இல்லை. ‘சின்ன வயசுப் பேர்’ என்றால் போதும்.

அடுத்தது காரணம். நண்பர்கள் கிண்டல், சாப்பிடவில்லை, மனவருத்தம் என்று எழுதினால் பெரியவர்கள் பதறுவார்கள், அத்தை பிள்ளைகளுக்கோ கிண்டலுக்குப் புதிதாக ஒரு விஷயம் கிடைக்கும். ஒரு பிள்ளையின் அழுகையை நாற்பத்திரண்டு பேருக்குச் சொல்ல அவனிடம் அனுமதி கேட்டோமா என்பதும் இருக்கிறது. கிரகப்பிரவேசம் என்று நாளைக் குறித்ததும் சரியில்லை. கூப்பிட்டது பெரியப்பா என்பது பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பேரைச் சொல்லாமலே தம்பி அண்ணனைச் சபையில் நிறுத்தியதாகிவிடும். ‘புரிந்து நடந்துகொள்ளவும்’ என்ற வரியை ஆபீஸ் சுற்றறிக்கையில் எழுதலாம், அண்ணனுக்கும் அக்காவுக்கும் எழுத முடியாது.

எழுதியதை அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் சுந்தரிடமே கேட்டார்கள். பல வீடுகளில் விட்டுப்போகிற வேலை இதுதான். பெற்றோர் தாங்களாகவே முடிவெடுத்து அனுப்பிவிடுவார்கள், பிள்ளைக்கு அது இரண்டாவது அவமானமாகிவிடும். அவர்கள் கேட்டவை நாலே விஷயம்: செய்தி அனுப்பலாமா வேண்டாமா, எங்கே எங்கே கூப்பிடக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பரவாயில்லை என்று யாராவது உண்டா, பதிலுக்கு எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும். அவன் சொன்ன பதிலில் பெற்றோர் எதிர்பாராத ஒன்று இருந்தது. “அப்பத்தா கூப்பிடட்டும். அது கூப்பிடலேன்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ள யாரு கூப்பிட்டாலும் ஒண்ணுமில்ல. வெளிய வேணாம், ஸ்டேட்டஸ்ல போட வேணாம். அவ்வளவுதான்.”

அவன் பேரையே ஒழிக்கச் சொல்லவில்லை, எல்லை மட்டும் கேட்டான். பெரும்பாலான பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது உறவினர்களுக்கும் ஒப்புக்கொள்வது எளிது, ஏனென்றால் அவர்கள் எதையும் இழக்கவில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. கருப்பி, குண்டு, பல்லி, ஒல்லிக்குச்சி என்று நிறத்தையும் உடம்பையும் குத்துகிற பேராக இருந்து, பிள்ளை அதை வீட்டுக்குள்ளும் வேண்டாம் என்றால், வீட்டுக்குள்ளும் நிறுத்தத்தான் வேண்டும். அதில் ‘வெளியில் மட்டும்’ என்ற சமரசத்தைப் பெற்றோர் பேசவே கூடாது.

மாற்றுப் பேர் இல்லாமல் செய்தி அனுப்பினால் அது பாதி நாள்கூட நிற்காது. பெரியவர்களுக்குப் பள்ளிப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். நாக்கு பழைய பேருக்கே போய்விடும். சுந்தர் வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. சுந்தர் என்பது தாத்தா பேரின் பாதி. அத்தையும் பெரியப்பாவும் அப்பா பேரைச் சொல்லி ‘டேய்’ போட்டு அதட்டுவார்களா? மாட்டார்கள். அதனால்தான் அவர்களுக்கு அந்தப் பட்டப்பேர் அத்தனை வசதியாக இருந்திருக்கிறது. எனவே இரண்டு பேர் கொடுத்தார்கள்: இளையவர்களுக்கும் நண்பர்கள் முன்னிலையிலும் சுந்தர், பெரியவர்களுக்குத் தம்பி. தம்பி என்பதில் பாசமும் குறையாது, சபையில் கூப்பிட்டாலும் தலைகுனிவு இல்லை. பெண் பிள்ளைக்கு என்றால் பாப்பா, அம்மா, தாயி என்று அந்தந்த வீட்டு வழக்கில் ஒன்று இருக்கும். அதுவும் பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பாப்பாவும் கூச்சமாக இருக்கலாம்.

யார் அனுப்புவது என்பது நம் குடும்பங்களில் வார்த்தையைவிடப் பெரிய விஷயம். அம்மாதான் நன்றாக எழுதுவார். ஆனாலும் அப்பா வழிக் குழுவுக்கு அப்பாவே அனுப்பினார். மருமகள் அனுப்பினால் அதே வரிகள் வேறு மாதிரி படிக்கப்படும்: நம்ம வச்ச பேரு அவளுக்குப் பிடிக்கல என்று. அம்மா வழிச் சொந்தங்களுக்கு அம்மா தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். அவரவர் வீட்டுக்கு அவரவர் சொல்வது என்ற இந்த ஒரு ஏற்பாடு பாதி மனவருத்தத்தைத் தவிர்க்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

குழுவில் போடுமுன் இரண்டு பேரிடம் தனியாகப் பேசினார் அப்பா. முதலில் அத்தை, ஏனென்றால் பேர் வைத்தவர் அவர். “அக்கா, நீ வச்ச பேரு வீட்ல இருக்கும். வெளியில மட்டும் மாத்திக்கலாம்னு பாக்குறோம், நீ என்ன சொல்ற?” என்று கேட்டார். தகவலாகச் சொல்லாமல் யோசனையாகக் கேட்டதால் அத்தையே, “ஆமாடா, பத்தாவது போற பையன்” என்றார். இரண்டாவது, பெரியப்பா. அவர் வீட்டுக்கு நேரில் போனார். கிரகப்பிரவேசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. “அண்ணே, குழுவுல ஒண்ணு போடப்போறேன், மொதல்ல ஒங்கிட்ட காட்டணும்னு வந்தேன்” என்று ஃபோனை நீட்டினார். படித்த பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் அன்னிக்குப் பந்தியில கூப்பிட்டேனோ?” என்று அவரே கேட்டார். “எல்லாருந்தான்ணே கூப்பிடுறோம்” என்று அப்பா முடித்துக்கொண்டார். குழுவில் முதல் ஆதரவு அவரிடமிருந்துதான் வந்தது.

நேரத்தையும் பார்த்தார்கள். சம்பவம் நடந்த சூடு ஆறியிருக்க வேண்டும், அடுத்த விசேஷத்துக்குக் கொஞ்ச நாள் முன்பாகவும் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினார். காலையில் போட்டால் பூப்படம் போட்ட காலை வணக்கங்களுக்கு நடுவில் காணாமல் போயிருக்கும். நீளத்தையும் கவனித்தார்கள், ‘மேலும் படிக்க’ என்று மடங்கிக்கொள்ளும் செய்தியைப் பெரியவர்கள் பலர் விரித்துப் படிப்பதில்லை. சுந்தரும் படித்து, ஒரு வரியை நீக்கச் சொன்ன பிறகு போன செய்தி இது:

“எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன விஷயம். நம்ம சுந்தர் ஜூன்ல பத்தாவது போறான். என் தோளுக்கு மேல வளர்ந்துட்டான். சின்ன வயசுல நாம ஆசையா கூப்பிட்ட பேரு வீட்டுக்குள்ள அப்படியே இருக்கட்டும். வெளியில, விசேஷத்துல, அவன் ஃபிரெண்ட்ஸ் இருக்கிற இடத்துல மட்டும் சுந்தர்னோ தம்பின்னோ கூப்பிட்டா நல்லா இருக்கும். ஸ்டேட்டஸ், பிறந்தநாள் வாழ்த்துலயும் அப்படியே போட்டுருங்க. எங்களுக்கும் பழக்கத்துல வாய் தவறத்தான் செய்யும், நாங்களும் மாத்திக்கிறோம். அவன் மேல உங்களுக்கு இருக்கிற பாசம் தெரியும், அதான் உரிமையோட கேக்குறேன்.”

இதில் ‘கூடாது’ இல்லை, ‘வேண்டாம்’ இல்லை. என்ன செய்தால் நன்றாக இருக்கும் என்பதுதான் இருக்கிறது. ‘நாம கூப்பிட்ட பேரு’ என்று அப்பா தன்னையும் சேர்த்துக்கொண்டார், அதனால் குற்றவாளி என்று யாரும் இல்லை. வளர்ந்துவிட்டான் என்பதே காரணம், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாய் தவறும் என்று முன்கூட்டியே சொன்னதால், தவறியவர்கள் ஒதுங்கிப்போக வேண்டியதில்லை. சுந்தர் நீக்கச் சொன்ன வரி, ‘அவன் கூச்சப்படுறான்’ என்பது. தான் கேட்டதாக வரக் கூடாது, அப்பா கேட்டதாக வரட்டும் என்றான். ‘அதுக்குள்ள இவனுக்கு ரோஷம் பாரு’ என்று யாரோ சொல்வார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பதில்கள் வந்தன. கும்பிடு, கட்டைவிரல், பெரியப்பாவின் “சரிப்பா, தம்பிதான் இனி.” அரை மணி நேரத்தில் ஒரு சித்தப்பா, அதே பேரோடு ‘சார்’ சேர்த்து ஒரு வரி போட்டார், பின்னால் நாலு சிரிப்பு முகம். எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இப்படிப் போடுவார். அப்பா குழுவில் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதிலிருந்து நூறு செய்தி வந்திருக்கும், செல்லப் பேர் அன்றிரவின் தலைப்பாகியிருக்கும். தனியாக ஃபோன் செய்து, “அதை எடுத்துருடா, பசங்க பாக்குறாங்க” என்றார் சாதாரணக் குரலில். அவரும் எடுத்துவிட்டார். ஓர் அக்கா, “பாசமா கூப்பிடுறது தப்பாப்பா?” என்று தனியாகக் கேட்டார். “தப்பில்லக்கா, அதான் வீட்ல அப்படியே கூப்பிடச் சொல்றோம்” என்பது பதில். வீட்டுக்குள் பேரை விட்டுவைத்ததன் பலன் அங்கே தெரிந்தது.

அப்பத்தாவுக்கு வாட்ஸ்அப் இல்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சுந்தர் சொல்ல விடவில்லை. சம வயதுப் பிள்ளைகளிடம் அவனே பேசிக்கொண்டான். அத்தை மகனுக்கும் அப்படி ஒரு பேர் உண்டாம், அதை நான் வெளியே விட மாட்டேன், இதை நீ விடாதே என்று ஒப்பந்தம். அந்த வயதுக்காரர்களைப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கண்டித்தால் வீம்பாகத்தான் முடியும், அவர்களுக்குள் விட்டதே சரி.

செய்திக்கு எத்தனை கட்டைவிரல் வந்தது என்பதை வைத்து அது பலித்ததா என்று சொல்ல முடியாது. அடுத்த விசேஷத்தில்தான் தெரியும். வைகாசிக் கல்யாணத்துக்குச் சுந்தர் வந்தான். பெரியப்பாவுக்கு ஒரு தடவை வாய் தவறியது, முதல் எழுத்திலேயே. பக்கத்தில் இருந்த அப்பா, “சுந்தர், பெரியப்பா கூப்பிடுறாங்க பாரு” என்று சற்று உரக்கச் சொன்னார். திருத்தல் என்பதே தெரியாத திருத்தல் அது. திருத்துகிற வேலை எப்போதும் பெற்றோருடையது. பிள்ளை தானாகப் பெரியவரைத் திருத்தினால் ‘எதிர்த்துப் பேசுறான்’ என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆறு மாதமாவது இப்படித் தவறும், ஒவ்வொரு தடவையும் சரியான பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். தவறியதற்காக மறுபடி ஒரு செய்தி குழுவில் போடுவது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் முதல் செய்தியின் மென்மையும் போய்விடும்.

வாய்ப்பேச்சு தவிர அந்தப் பேர் ஒளிந்திருக்கும் இடங்களை அம்மா தேடிப் பார்த்தார். அத்தை ஃபோனில் பையன் எண் அந்தப் பேரில்தான் பதிவாகியிருந்தது. நண்பன் பக்கத்தில் நிற்கும்போது அழைப்பு வந்தால் திரையில் அதுதான் பளிச்சென்று தெரியும். மாமாவின் முகநூலில் ஐந்து வருடத்துக்கு முந்தைய பிறந்தநாள் படத்தில், கேக்கின் மேல் கிரீமில் அதே பேர். கேட்டதும் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் அச்சில் போன ஒன்றை மாற்ற முடியவில்லை. நம் கல்யாணப் பத்திரிகைகளில் கடைசிப் பக்கத்தில், தங்கள் நல்வரவை விரும்பும் மழலைகள் என்று வீட்டுப் பிள்ளைகளின் பேர்களைப் போடுகிறோம். பலரும் வழக்கத்தில் கூப்பிடும் பேரையே எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். காதுகுத்து, கல்யாண ஃபிளெக்ஸ்களிலும் இதே கதைதான், தெருமுனையில் பத்து அடி உயரத்தில் அது நிற்கும். வைகாசிப் பத்திரிகை சித்திரையிலேயே அச்சாகிவிட்டிருந்தது. அதில் எட்டாவது பேராகச் சுந்தரின் வீட்டுப் பேர் இருந்தது. ஐநூறு பிரதியும் விநியோகமாகிவிட்டன.

உங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்று தெரியவில்லை. பத்திரிகைக்கோ ஃபிளெக்ஸுக்கோ பேர்ப் பட்டியல் எழுதும்போது, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் எல்லோரிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். எந்தப் பேர் போட வேண்டும் என்று அவர்களே எழுதிக் கொடுக்கட்டும்.